எழுதி வாசித்தால் சிரிப்பு வராதா?

மேடைப்பேச்சு சொல்லித் தருகிறவர்கள் பலரும் ஒரு விதியைத் தவறாமல் சொல்கிறார்கள். நகைச்சுவையை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காதே, தாளைப் பார்த்து வாசித்தால் அது அங்கேயே செத்துவிடும், சிரிப்பு அந்த நேரத்தில் தானாக வர வேண்டும், அப்படி வராதவர்கள் தொழில்நுட்ப உரையில் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது விதி. கூடவே ஒரு துணை விதியும் உண்டு. உன்னை நீயே கேலி செய்துகொள்வதென்றால் ஆரம்பத்திலேயே 'எனக்கு இதில் பெரிதாக ஒன்றும் தெரியாது' என்று பணிவாக ஒரு வரி சொல்லிவிட்டு வேலையைப் பார், நடுவில் உன் தவறுகளைச் சொல்லிச் சிரிக்க வைத்தால் உன் மதிப்புத்தான் போகும் என்பார்கள்.

இரண்டும் தவறு என்பது என் உறுதியான கருத்து. தவறு என்பதோடு விட முடியாது. மைசூர் போன்ற ஊரில் இவை கெடுதலும் செய்கின்றன. உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம், பேச்சு செவிப்புலன் நிறுவனம், மொழிகள் நிறுவனம், பல்கலைக்கழகம், மென்பொருள் பயிற்சி வளாகம் என்று இந்த ஊரில் தினமும் எங்கேயாவது ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசிக்கொண்டிருக்கிறார். பேசுகிறவர்களில் பலருக்கு வீட்டில் ஒரு மொழி, தெருவில் கன்னடம், மேடையில் ஆங்கிலம். தன் மொழி அல்லாத மொழியில் நின்ற இடத்தில் நகைச்சுவையை உண்டாக்குவது மிகச் சிலருக்கே கைவரும். மற்றவர்களுக்கு இருக்கும் ஒரே வழி முன்கூட்டி எழுதி, திருத்தி, வாசிப்பது. அந்த வழியைத்தான் இந்த விதி அடைக்கிறது. மிச்சம் இருப்பது, நாற்பது நிமிடம் ஒரே குரலில் போகும் உரை.

எழுதியதை வாசித்தால் உயிர் இருக்காது என்று மைசூரில் நின்று சொல்வது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. 1935-இல் எம்.வி.கோபாலசுவாமி என்ற உளவியல் பேராசிரியர் தன் வீட்டிலிருந்தே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அந்த நிலையத்தோடு புழக்கத்துக்கு வந்து, பின்னால் நாடு முழுவதற்குமான வானொலிக்குச் சூட்டப்பட்டது. வானொலி உரை என்பதே எழுதிக் கொடுத்து வாசிக்கும் உரைதான். முகம் தெரியாது, கை அசைவு தெரியாது, எதிரே சிரிக்க ஆளும் கிடையாது. அப்படி வாசித்த உரைகளைக் கேட்டு வீடுகளில் மக்கள் வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள். பட்டிமன்றப் பேச்சாளர்கள் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்லும் துணுக்குகளும் பல ஊர் மேடைகளில் தேய்ந்து பதம் வந்தவையே. தயாரிப்பு சிரிப்பைக் கொல்லும் என்றால் இந்தக் கலைகளே இருந்திருக்க முடியாது.

வாசிக்கும்போது பல துணுக்குகள் விழுந்துவிடுவது உண்மைதான். கண்ணுக்காக எழுதியதைக் காதுக்குக் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். இது சரிசெய்யக்கூடிய குறை. தொழில்நுட்ப உலகமே அறிந்த ஓர் உரையில் இது எப்படிச் சரியாக நடக்கிறது என்று பார்க்கலாம்.

1980 அக்டோபரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் டோனி ஹோர் டூரிங் விருது பெற்று ஓர் உரை நிகழ்த்தினார். குவிக்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். ஆனால் உரையின் நடுப்பகுதி வெற்றியைப் பற்றியதல்ல. எலியட் என்ற ஆங்கிலக் கம்பெனியில் அவர் பொறுப்பில் நடந்து, முழுவதுமாகக் கைவிடப்பட்ட ஒரு மென்பொருள் திட்டத்தைப் பற்றியது. புதிய கம்பைலர் ஒருவழியாக ஓடத் தொடங்கியபோது அதன் வேகம் நொடிக்கு இரண்டு எழுத்து. ஏற்கெனவே இருந்த பழைய கம்பைலரின் வேகம் நொடிக்குச் சுமார் ஆயிரம் எழுத்து. பிரதான நினைவகத்துக்கும், அதைவிடப் பதினைந்து மடங்கு மெதுவான துணை நினைவகத்துக்கும் இடையில் தகவல் ஓயாமல் போய் வந்துகொண்டிருந்ததுதான் காரணம். குழு உட்கார்ந்து வேலை செய்தது. ஒரே வாரத்தில் வேகத்தை இரட்டிப்பாக்கிவிட்டோம் என்று ஹோர் சொல்கிறார். அடுத்து எண் வருகிறது: நொடிக்கு நான்கு எழுத்து. மேலும் இரண்டு வாரத்தில் மறுபடியும் இரட்டிப்பு. இப்போது எட்டு.

இதில் துணுக்கு என்று தனியாகப் பிரித்தெடுக்க எதுவும் இல்லை. எல்லாமே நடந்த விவரம். 'இரட்டிப்பு' என்ற சொல் கேட்பவரின் நம்பிக்கையை மேலே தூக்குகிறது. கடைசியில் வரும் எண் அதைக் கீழே போடுகிறது. எண்ணை முன்னால் சொல்லியிருந்தால் வெறும் அறிக்கை. கேட்பவர் மனதில் ஆயிரம் என்ற அளவு முன்பே உட்கார்ந்திருப்பதால் நான்கு என்றதும் கணக்குப் போட வேண்டியதில்லை. தாளைப் பார்த்து வாசித்தாலும், முகபாவமே இல்லாமல் வாசித்தாலும் இது சிரிப்பைத் தரும். சிரிக்காதவருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் அவர் ஒரு பொறியியல் உண்மையைக் கேட்டிருக்கிறார்: அடிப்படை வடிவமைப்பு தவறாக இருக்கும்போது சின்னச் சின்னத் திருத்தங்கள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை. முப்பது ஆள்-ஆண்டுக்கும் மேலான உழைப்பு வீணானது, வடிவமைத்தவன் என்ற முறையிலும் மேலாளன் என்ற முறையிலும் பொறுப்பு என்னுடையது என்று பின்னால் அவர் சொல்லும்போது அரங்கம் அந்தக் கனத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறது.

இதே வேலையைத் தமிழில் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நேரடி உதாரணம். மைசூரில் எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர், தன் ஊர் கல்லூரி மாணவர்களுக்குத் தமிழில் ஓர் உரை தயாரித்தார். பொருள், சர்வர்களில் நேரம் குறித்து ஓட விடும் வேலைகள். அவர் கையாலேயே நடந்த ஒரு கோளாறைச் சொல்ல நினைத்தார். இரவு இரண்டரைக்கு டேட்டாபேஸ் பேக்கப் ஓடட்டும் என்று அவர் எழுதிய வரி இப்படித் தொடங்கும்:

```
30 2 * * *
```

முதலில் வருவது நிமிடம், அடுத்தது மணி. பின்னால் வரும் நட்சத்திரங்கள், எந்த நாளானாலும் சரி என்கின்றன. வரியில் பிழை இல்லை. சர்வரின் கடிகாரம் கிரீன்விச் நேரத்தை ஒட்டிய உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டரை நமக்குக் காலை எட்டு மணி. காலை ஷிப்டுக்கு எல்லோரும் உள்ளே நுழையும் நேரம்.

தன் உரைக்காக அவர் முதலில் எழுதிய வாக்கியம் இது:

"சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை என்பதைக் கவனிக்காமல் நான் போட்டுவைத்த பேக்கப் வேலைதான் தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் டேட்டாபேஸைத் திணறடித்தது என்பதை மூன்று நாள் கழித்தே கண்டுபிடித்தேன் (என் புத்திசாலித்தனத்தை என்ன சொல்ல!)."

கண்ணால் படித்தால் பரவாயில்லை என்று தோன்றும். உரக்க வாசித்துக் கேட்டால் ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். தமிழ் வாக்கியம் அடைமொழிகளையெல்லாம் முன்னால் அடுக்கும். அதனால் குற்றவாளி யார், காரணம் என்ன என்ற இரண்டும் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வெளியே வந்துவிடுகின்றன. மர்மம் என்ன என்று தெரிவதற்கு முன்பே விடை தெரிந்துவிடுகிறது. எட்டு மணித் திணறல் பின்னால் வருகிறது, அதற்குள் கேட்பவரின் ஆர்வம் தீர்ந்துவிட்டது. அடைப்புக்குறி காதில் விழாது. அதற்குள் இருக்கும் வியப்புக்குறியை வாசிக்கிறவர் குரலை உயர்த்திக் காட்ட வேண்டியிருக்கிறது, அந்த இடத்தில் செயற்கை எட்டிப் பார்க்கிறது. 'எழுதி வாசித்தால் செத்துவிடும்' என்று சொல்கிறவர்கள் பார்த்த சாவு இதுதான். இதற்குக் காரணம் தாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையில் வாக்கியம் தலைகீழாக நிற்கிறது.

பல முறை உரக்க வாசித்துத் திருத்திய பிறகு அவர் தாளில் இருந்தது:

"தினமும் காலை எட்டு மணிக்கு எங்கள் டேட்டாபேஸ் திணறும். எட்டேகாலுக்குத் தானாகச் சரியாகிவிடும். மூன்று நாள் பார்த்தேன். மேனேஜரிடம் போனேன். 'சார், யாரோ நேரம் பாத்து நம்மள அடிக்கிறாங்க.' அவர் சொன்னார், 'யாருன்னு பாருப்பா.' அந்த நேரத்தில் ஓடும் வேலைகளின் பட்டியலை எடுத்தேன். ஆள் சிக்கிவிட்டான். பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. என் பெயர்."

நிகழ்ச்சி அதேதான், வரிசைதான் மாறியிருக்கிறது; கடிகாரம் பற்றிய காரணம் சிரிப்புக்குப் பின்னால் போய்விட்டது. வாக்கியங்கள் ஒரு மூச்சுக்குள் அடங்குகின்றன. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செய்தியைச் சொல்லி நிற்கிறது. திருப்பம் கடைசிச் சொல்லில் இருக்கிறது, அதற்குப் பிறகு ஓர் அசைகூட இல்லை. முதல் வடிவில் வினைமுற்று கடைசியில் நின்று இழுத்தது. இங்கே வினையே இல்லாத இரண்டு சொல்லில் முடிகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. விவரிப்பு எழுத்துத் தமிழில் போகிறது, பேசுகிறவர்களின் வாய்ச்சொல் மட்டும் பேச்சுத் தமிழில் இருக்கிறது. நம் மொழியில் எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள இடைவெளி, எழுதி வாசிக்கிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி. 'எவரோ நேரம் பார்த்து நம்மைத் தாக்குகின்றனர்' என்று மேனேஜரிடம் யாரும் சொல்லமாட்டார்கள். அப்படி எழுதி வாசித்தால் மேடையில் இருக்கும் ஆள் பொம்மையாகிவிடுவார். 'அடிக்கிறாங்க' என்பதைத் தாளிலேயே அப்படியே எழுதி வைத்தால், வாசிக்கும் குரல் தானாக இறங்கிப் பேச்சுக்கு வந்துவிடும். நடிப்புத் திறமை எதுவும் வேண்டாம். தமிழாசிரியர்கள் இதைக் கொச்சை என்று திருத்த வந்தால் தயவுசெய்து இடம் கொடுக்காதீர்கள்.

தாளைத் தயார் செய்வதில் சில வேலைகள் உண்டு. 'என் பெயர்' என்பதற்குப் பிறகு அவர் இரண்டு வரி இடம் விட்டிருந்தார். அந்த வெற்றிடம் வாசிப்பவரை நிறுத்துவதற்காக. பதற்றத்தில் இருப்பவர் அச்சில் அடுத்த வரி நெருங்கி நின்றால் ஓடிவிடுவார், சிரிக்க வாயெடுத்த அரங்கம் அடுத்த செய்தியைக் கேட்பதற்காக வாயை மூடிக்கொள்ளும். பக்கம் புரட்டும் இடத்தில் திருப்பம் வராதபடியும் பார்த்துக்கொண்டார். எண்களை எழுத்திலேயே எழுதினார். 8:15 என்று இருந்தால் வாய் ஒரு கணம் தயங்கும், 'எட்டேகால்' என்றால் தயங்காது. அந்த நட்சத்திர வரியை வாசிக்கவே இல்லை. அது ஸ்லைடில் மட்டும், அதுவும் சிரிப்பு அடங்கிய பிறகு. திருப்பத்தை ஸ்லைடில் முன்பே எழுதிப் போட்டால் கண் காதை முந்திவிடும். பாதிப் பேர் படித்து முடித்த விஷயத்தைப் பேச்சாளர் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருப்பார். மேடைகளில் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான்.

சிரிப்புக்குப் பிறகு வரும் முதல் வாக்கியமும் முக்கியம். அந்த இடத்தில் அவர் முதலில் வைத்திருந்தது, 'சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது' என்ற மையச் செய்தி. சிரிப்பொலியில் அது பின் வரிசைக்குக் கேட்காமல் போகும், பிறகு உரை முழுவதும் புரியாது. அதனால் நடுவில் ஒரு வரி சேர்த்தார்: 'வரியைத் திறந்து பார்த்தேன், எழுத்துப்பிழை எதுவும் இல்லை.' கேட்டாலும் கேட்காவிட்டாலும் பாதகமில்லாத வரி. சிரிப்பே வராவிட்டாலும் இயல்பாகக் கதையை நகர்த்தும். வராத சிரிப்புக்குக் காத்து நிற்பதும், 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்' என்று விளக்குவதும் இப்படி எழுதியவருக்குத் தேவைப்படாது.

இனி மதிப்புப் போய்விடும் என்ற வாதம். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1966-இல் எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் மாணவர்களுக்கு ஒலிநாடாக்களைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு நாடாவில் இருப்பவர் கடினமான வினாக்களில் 92 சதவீதத்துக்குச் சரியான விடை சொல்கிறார், இன்னொன்றில் இருப்பவர் 30 சதவீதம்தான். சில நாடாக்களில் கடைசியில் அந்த ஆள் தன் புது உடுப்பில் காபியைக் கொட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். திறமைசாலி காபியைக் கொட்டியபோது அவரை மாணவர்கள் முன்னைவிட அதிகமாக விரும்பினார்கள். சுமாரானவர் கொட்டியபோது அவருக்கு இருந்த மதிப்பும் குறைந்தது. அவர்கள் கண்ணால் எதையும் பார்க்கவில்லை, காதால் கேட்டதை வைத்தே இந்த முடிவுக்கு வந்தார்கள்.

துணை விதி எவ்வளவு தலைகீழானது என்பது இதில் தெரிகிறது. ஆரம்பத்திலேயே 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்பவர், தன் திறமைக்கு எந்தச் சான்றும் தராமல் காபியைக் கொட்டிக்கொள்கிறார். அந்த வரியில் படம் இல்லை, நிகழ்ச்சி இல்லை, நம்புவதற்கும் சிரிப்பதற்கும் எதுவும் இல்லை. அந்தப் பொறியாளர் தன் கோளாறை உரையின் பன்னிரண்டாவது நிமிடத்தில் வைத்தார். அதற்குள் நேரக்குறிப்பு வேலைகள் எப்படி ஓடுகின்றன என்பதைத் தெளிவாக விளக்கியிருந்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்பது மாணவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சொன்ன தவறு, தெரிந்தவருக்கும் இது நடக்கும் என்ற செய்தியாகப் போய்ச் சேர்ந்தது. கேலி செய்யப்படுவது அன்றைக்கு இருந்த ஆள். இன்று மேடையில் நிற்பவர் அந்தத் தவறைக் கண்டுபிடித்தவர். இந்த இடைவெளி இருக்கும்வரை மதிப்பு எங்கும் போகாது.

மைசூரிலேயே பிறந்த தமிழர் ஏ.கே.ராமானுஜனும் இதைத்தான் செய்தார். மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், வெளியே கன்னடம் என்று வளர்ந்தவர். இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்று கேட்டு 1989-இல் அவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் வகுப்பறைகளில் படிக்கப்படுகிறது. அதில் கணிதப் பேராசிரியரான அவர் அப்பா வருகிறார். வானியலும் தெரியும், சோதிடமும் பார்ப்பார். அறிவியல் பார்வைக்குப் புதிதாக மாறிய இளைஞரான மகன் இதைத் தாங்க முடியாமல், ஒன்பது கோள் சோதிடத்துக்கு நெப்டியூனும் புளூட்டோவும் கண்டுபிடிக்கப்பட்டதற்குப் பிறகு என்ன கதி என்று மடக்குகிறார். தேவையான திருத்தத்தைச் செய்துகொள்ள வேண்டியதுதான் என்கிறார் அப்பா, சலனமே இல்லாமல். சிரிப்பு மகனின் மேல் விழுகிறது. அந்த மகன்தான் கட்டுரையை எழுதிய அறிஞர். கட்டுரையின் வாதமே அந்த இடத்திலிருந்துதான் கிளம்புகிறது, அதை எடுத்துவிட்டால் கட்டுரைக்குக் கால் இருக்காது. அறிஞர் என்ற பெயருக்கு அதனால் ஒரு குறைவும் வரவில்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு இடம் கிடைப்பதில்லை. ஹோர் கையில் டூரிங் விருது இருந்தது. நேர்முகத் தேர்வுக் குழுவின் முன் நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவள் திறமையை ஏற்கெனவே சந்தேகத்தோடு பார்க்கும் கண்கள் தவறைச் சான்றாக எடுத்துக்கொள்ளக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் கண்டுபிடித்து முடித்த, சரிசெய்து முடித்த தவறை மட்டும் சொல்ல வேண்டும், சரிசெய்த விதத்துக்கு அதைவிட அதிக நேரம் கொடுக்க வேண்டும். இன்னோர் எல்லையும் உண்டு. அந்தப் பேக்கப் கோளாறில் கெட்டது பதினைந்து நிமிட வேகம். நோயாளியின் பதிவு அழிந்திருந்தாலோ, யாருடைய சம்பளமாவது நின்றிருந்தாலோ அது சிரிப்புக்கு உரியதல்ல, பேச்சாளர் தன்னைத்தான் கேலி செய்கிறார் என்றாலும்.

கலந்த அரங்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். பாதிப் பேர் கன்னடக்காரர்கள், தமிழில் எழுதிய நகைச்சுவை அவர்களிடம் எப்படிச் செல்லும்? சொல்லை வைத்து விளையாடும் சிலேடை செல்லாது, அதை விட்டுவிட வேண்டியதுதான். நிகழ்ச்சியில் இருக்கும் நகைச்சுவைக்கு அந்தத் தடை இல்லை. கன்னடமும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கும், அடைமொழியை முன்னால் அடுக்கும். எனவே தமிழில் செய்த அதே வரிசைத் திருத்தம் கன்னடத்திலும் அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் கொஞ்சம் வேலை அதிகம். அங்கே எழுவாய் முதலில் வந்து நின்றுகொண்டு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் பெயரைக் கடைசிக்குத் தள்ள அந்த வாக்கியத்தை இரண்டாக உடைக்க வேண்டும். அந்தப் பொறியாளர் இப்போது அதே உரையைத் தன் அலுவலகத்துக்காக ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார். மேனேஜர் சொன்ன வரி மட்டும் இன்னும் சரியாக உட்காரவில்லை. அதை எழுதியபடியே தமிழில் வாசித்துவிடலாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். 'பாருப்பா' என்பது புரியாத ஆள் அந்த அலுவலகத்தில் இருக்கமாட்டார்.